கழற்றுங்கள் அந்தக் கறுப்பு அங்கியை

விழா காலை பத்து மணிக்கு என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். குழந்தைகள் மட்டும் எட்டரைக்கே வந்துவிட வேண்டும் என்பதற்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. சிறப்பு விருந்தினரின் கார் பள்ளி வாசலில் வந்து நின்றபோது மணி பன்னிரண்டே கால். அதுவரை ஐம்பத்தெட்டு யூகேஜி குழந்தைகள், நால்வரைத் தவிர எல்லோரும் கணுக்கால் வரை தொங்கும் கறுப்பு பாலியஸ்டர் அங்கியும், காதை மடக்கி உட்காரும் சதுரத் தொப்பியுமாக, மேடைக்குக் கீழே வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மூன்றே முக்கால் மணி நேரம். மார்ச் மாதம். தலைக்கு மேலே தகரக் கொட்டகை.

வேடந்தாங்கல் வட்டாரத்துத் தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் இந்த மார்ச் மாதத்துச் சனிக்கிழமை நாம் கண்ணால் கண்டது இது. பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. மதுராந்தகம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே அங்கி, இதே தொப்பி, இதே தாமதம். ஒரு பள்ளியின் பெயரைப் போட்டால் மற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதியைத் தர நமக்கு விருப்பம் இல்லை.

இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி. மணி பதினொன்றரை இருக்கும், பக்கத்தில் நின்ற ஆசிரியையின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். “மிஸ், ஒண்ணுக்கு.” ஆசிரியை குனிந்து, கடுமையாக இல்லாமல், கெஞ்சலாகவே சொன்னார்: “கவுன் கசங்கிடும்டா. சர்டிபிகேட் வாங்கிட்டு உடனே போலாம், சரியா?” குழந்தை தலையாட்டியது. அதன் பிறகு மூன்று முறை கேட்டது. நான்காவது முறை கேட்கவில்லை. விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, தாளாளர் பேசி, விருந்தினரும் பேசி முடித்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தபோது மணி ஒன்று. அவள் முறை வந்தது. மேடைப் படி ஏறும்போது அங்கியின் ஓரத்திலிருந்து படியில் நீர் சொட்டியது. கீழே இருந்த சில பெரியவர்கள் சிரித்தார்கள். “இங்க பாரும்மா, சிரி” என்றார் புகைப்படக்காரர். அவள் படத்தில் அழுதுகொண்டிருக்கிறாள்.

அவளுடைய ஆயா பன்னிரண்டாவது வரிசையில் இருந்தார். நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையைப் பக்கத்து வயல்காரரிடம் விட்டுவிட்டு, பேத்தி தொப்பி போடுவதைப் பார்க்கக் காலையிலேயே பஸ் ஏறி வந்தவர். முன்னால் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு காடே எழுந்து நின்றதால் மேடை தெரியவில்லை. எழுந்தார். பின்னால் இருந்தவர்கள் “உட்காருங்க ஆயா” என்றார்கள். உட்கார்ந்தார். பேத்தியின் பெயரை மைக்கில் கேட்டார். பேத்தியைப் பார்க்கவில்லை.

விழா எதற்காக நடத்தினீர்கள் என்று தாளாளர்களைக் கேட்கிறோம். குழந்தைக்காக என்று சொல்லாதீர்கள். அவளை நீங்கள் கழிவறைக்குக்கூட விடவில்லை. தாத்தா பாட்டிகளுக்காக என்றும் சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பன்னிரண்டாவது வரிசை. முதல் வரிசையில் வெல்வெட் சோபா ஆறு போட்டு, அவற்றுக்கு முன்னால் கண்ணாடி மேசையும் முந்திரித் தட்டும் வைத்திருந்தீர்களே, அவை யாருக்கு?

உண்மையான பதில் ஒரு வாரத்தில் கிடைத்தது. கூட்டுரோட்டில் புதிய பேனர் எழுந்தது: தொப்பி போட்ட குழந்தைகள், “அட்மிஷன் நடைபெறுகிறது”, கீழே இரண்டு தொலைபேசி எண்கள். அங்கி எதற்கு, மேடை எதற்கு, ஒவ்வொரு குழந்தையும் நின்று கேமராவைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு என்று அப்போது விளங்கியது. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விளம்பரப் படப்பிடிப்பு அன்று நடந்திருக்கிறது. நடித்தவர்கள் ஐந்து வயதுக்காரர்கள். ஆடை வாடகையைக் கட்டியவர்கள் அவர்களின் பெற்றோர்.

இதைக் கண்டிக்கிறோம். விழாவைக் கண்டிக்கவில்லை, விழா திருடப்பட்டதைக் கண்டிக்கிறோம். இந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மறுபக்கத்து மூடத்தனமும் உலகத்தில் உண்டு. 2014இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து எல்வுட் என்ற ஊரில், ஒரு தொடக்கப் பள்ளி தன் மழலையர் வகுப்பின் ஆண்டு முடிவு நிகழ்ச்சியையே ரத்து செய்தது. குழந்தைகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் தயார்ப்படுத்த வேண்டும், ஆடல் பாடலுக்கு நேரம் இல்லை என்று பெற்றோருக்குக் கடிதம் போனது. ஐந்து வயதுக்குக் கல்லூரிக் கவலை! நாம் கேட்பது அதுவல்ல. ஆடட்டும், பாடட்டும், தாத்தா கைதட்டட்டும். யாருடைய நாள் அது என்பதில்தான் வழக்கு.

முதலில் நேரத்தையும் உடம்பையும் எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் மில்லிலிட்டரில் விடை வரும். ஐந்து வயதுக்கு 210. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் அளவு. காலையில் குடித்த பாலும், வெயிலுக்கு ஆயாம்மா கொடுத்த தண்ணீரும் அதில் எத்தனை நேரம் தங்கும்? “அடக்கிக்கோ” என்பது அந்த வயதில் கீழ்ப்படிதல் பற்றிய விஷயமே இல்லை, கொள்ளளவு பற்றியது. அந்தச் சிறுமி தவறு எதுவும் செய்யவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் படிக்கட்டும்.

வெயிலும் அப்படித்தான். சிறு குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், வியர்ப்பதோ பெரியவர்களைவிடக் குறைவு. சுற்றிலும் சூடு இருந்தால் அதன் உடம்பு நம் உடம்பைவிடச் சீக்கிரம் சூடேறும். அதன் மேல் வியர்வையை உறிஞ்சாத பாலியஸ்டரைச் சீருடைக்கு மேல் இரண்டாம் அடுக்காகப் போர்த்தி, தகரக் கொட்டகையின் கீழ் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அறிய அறிவியல் பட்டம் வேண்டியதில்லை. கன்னம் சிவக்கும், குழந்தை சோர்ந்து பக்கத்துக் குழந்தையின் தோளில் சாயும், கூப்பிட்டால் உடனே திரும்பாது. இந்த மூன்றும் தெரிந்தால் வெப்பம் ஏறுகிறது என்று பொருள். உடனே அங்கியைக் கழற்றி, நிழலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். அன்று நாம் எண்ணியதில் ஒன்பது குழந்தைகள் சாய்ந்திருந்தார்கள். “தூங்கறாங்க பாருங்க, க்யூட்டா” என்று ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அந்த மைக் செட். மேடையின் இரு பக்கமும் ஆள் உயரப் பெட்டிகள். குழந்தைகள் அவற்றுக்கு ஐந்தாறு அடியில். ஒலிபெருக்கிக்காரர் எங்கே நின்று சத்தத்தைச் சரிசெய்தார் தெரியுமா? கடைசி வரிசையில். அங்கே போதுமான அளவு கேட்கும்வரை திருகைத் திருப்பினார். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஆறு டெசிபல் குறையும். திருப்பிப் பார்த்தால், பாதித் தூரத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஆறு கூடும். கடைசி வரிசை நாற்காலியில் இருப்பவருக்கு இதமாகக் கேட்கும் பாட்டு, பெட்டிக்குப் பக்கத்துக் குழந்தைக்குக் காதைக் கிழிக்கும். முதல் பாட்டு தொடங்கியபோது முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் ஒன்றுபோல் காதைப் பொத்தினார்கள். “கையை எடு, ஆக்ஷன் பண்ணு” என்று பக்கவாட்டிலிருந்து சைகை வந்தது. கல்விநிலையங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. பகலில் அங்கே வரம்பு 50 டெசிபல், அதாவது சாதாரணப் பேச்சைவிடக் குறைவு. பள்ளிக்கு வெளியே ஹாரன் அடிக்காதே என்று பலகை வைத்த நிர்வாகம், உள்ளே என்ன செய்கிறது பாருங்கள்.

இதை வேறு ஊரில் எழுதியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. இது வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைக்குத்தியும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும்போது தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது ஊர்க்காரர்கள் தடுத்து, கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்புக்குக் கௌல் எழுதி வாங்கியவர்கள். 1858இல் அதை மறுபடி உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அது வெறும் இரக்கமும் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட சம்சாரிகளின் கணக்கு அதில் உண்டு. குஞ்சு கூட்டில் இருக்கும்போது சத்தம் போட்டால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும், அடுத்த ஆண்டு வராது என்பது இங்கே மாடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும். மேடையில் பேசிய தாளாளரும் இதை விடவில்லை. “நம் ஏரிப் பறவைகள்போல இன்று நம் குஞ்சுகள் சிறகு விரிக்கின்றன” என்றார். கைதட்டல். ஐயா, ஏரியில் எந்தக் குஞ்சும் தலைமை விருந்தினருக்காகக் காத்திருந்து பறந்ததில்லை. எதன் காதுக்குப் பக்கத்திலும் யாரும் பெட்டி வைத்ததும் இல்லை.

அங்கிக்கு வருவோம். அந்தச் சதுரத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயர் கொத்தனாரின் கலவைப் பலகையிலிருந்து வந்தது, வடிவம் அதைப் போலவே இருப்பதால். சாந்துப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து வயதுக் குழந்தை கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்ட பிறகு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், உண்மையான பட்டதாரிகளே இதைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். 2010இல் போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பு மேடையிலேயே அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தன் அங்கியைக் கழற்றி, இது காலனிய மிச்சம் என்று சாடினார். கைத்தறி ஆடையில் பட்டமளிப்பு நடத்துங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், தன் கீழ் உள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்கள் கறுப்பு அங்கியைக் கைவிட்டு அந்தந்த மாநில மரபை ஒட்டிய ஆடைக்கு மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் கழற்றிப் போட்டதை, ‘அ’வன்னா முடித்தவருக்கு மாட்டிவிடுகிறோம்.

அந்த அங்கிக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். டைரியில் ஒட்டியிருந்த சீட்டில் ‘கிராஜுவேஷன் டே’ என்ற தலைப்பில் 1,200 ரூபாய். கட்டிய ஐம்பத்து நான்கு பேருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 64,800. அங்கி வாடகை, சான்றிதழ், சட்டம் போட்ட புகைப்படம், டிபன் என்று பிரித்துச் சொன்னார்கள். சோபா, பொன்னாடை, பூங்கொத்து, பேண்ட் வாத்தியம் எந்தக் கணக்கில் வந்தன என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியவில்லை. பணம் கட்டாத நான்கு குழந்தைகளுக்கு அங்கி இல்லை. சீருடையோடு கடைசியில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் இருவர் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவர்கள். அதில் ஒரு பையன், கவுன் போட்டவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். துணி எப்படி இருக்கிறது என்று பார்த்தான்போலும்.

இதில் சட்டத்தைக் கொஞ்சம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குழு இருக்கிறது. அது எல்கேஜி, யூகேஜி உட்பட ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தொகை குறித்துக் கொடுக்கிறது. அதற்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது கூடுதல் கட்டணம்தான். விழா என்று பெயர் வைத்தால் தப்பித்துவிடலாம் என்பது நப்பாசை. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளோ, 25 சதவீத இடத்தில் சேர்ந்த குழந்தையை வகுப்பில் பிரித்து உட்கார வைக்கக் கூடாது, சீருடையிலோ கலை நிகழ்ச்சியிலோ வேறுபாடு காட்டக் கூடாது என்று பச்சையாகச் சொல்கின்றன. நான்கு குழந்தைகளை அங்கி இல்லாமல் நிறுத்தியதை வேறு எந்தச் சொல்லால் சொல்வது? அதுவும் அவர்களின் தாத்தா பாட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கையில்.

சான்றிதழைப் பற்றியும் பெற்றோர் ஏமாற வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் சேர யூகேஜி சான்றிதழ் தேவையே இல்லை. வயதுதான் கணக்கு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும்போது, தங்க முத்திரை ஒட்டிய அந்தப் பளபளப்பு அட்டைக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பு இல்லை. வீட்டுச் சுவரில் மாட்ட அழகாக இருக்கும். அவ்வளவே. அதில் தப்பும் இல்லை.

தப்பு அதைக் கொடுத்த விதத்தில் இருக்கிறது. இரண்டு மாத ரிகர்சல் முழுக்கக் குழந்தைகள் கேட்ட வாக்கியம், “ஒழுங்கா நின்னாத்தான் சர்டிபிகேட்.” அன்று அதோடு கோப்பைகளும் வந்தன: சிறந்த மாணவர், சிறந்த கையெழுத்து, சிறந்த ஓவியம். பதினோரு குழந்தைக்குக் கோப்பை, நாற்பத்தேழு குழந்தைக்கு இல்லை. இதனால் என்ன நடக்கும் என்பதற்கு ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு. 1973இல் வெளியானது. தாங்களாகவே ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய ஆசைப்பட்ட மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவிடம், நீ வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே காட்டினார்கள். இரண்டாம் பிரிவுக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல், வரைந்த பிறகு திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை.

பிறகு ஓரிரு வாரம் விட்டு, வகுப்பில் மறுபடி அந்தப் பேனாக்களை மேசையில் வைத்தார்கள். யாரும் வரையச் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, யார் தானாகப் போய் எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சான்றிதழ் காட்டி வரைய வைக்கப்பட்ட குழந்தைகள், மற்ற இரு பிரிவினர் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சான்றிதழுக்காக அவர்கள் வரைந்த படங்களும் தரத்தில் குறைவாகவே இருந்தன. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கோ ஆசை குறையவே இல்லை. ஆகவே கெடுதல் அந்த அட்டையில் இல்லை. அதைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டுக் காட்டுவதில் இருக்கிறது. விளையாட்டாக இருந்ததை வேலையாகவும் கூலியாகவும் ஆக்கிவிடுகிறோம். ‘சிறந்த ஓவியம்’ கோப்பை கிடைக்காத குழந்தைக்கு மட்டும் இழப்பு என்று நினைத்தால் தவறு. வாங்கிய குழந்தையும் அடுத்த முறை, “கப்பு உண்டா?” என்றுதான் கேட்கும்.

இது நமக்கு அந்நியமான விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பரிசும் தண்டனையும் இரண்டுமே குழந்தைக்கு வேண்டாம் என்று சொன்ன மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் நம் ஆசிரியர்களுக்கே வகுப்பெடுத்தார். அவர் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதிக்கொள்ளும் பள்ளிகள்தான் இன்று மேடையில் கோப்பை அடுக்குகின்றன. பலகையிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டாவது கோப்பை கொடுங்கள்.

பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியிலிருந்து ஒலித்தவை முன்பே பதிவான சினிமாப் பாட்டுகள். ஒன்றின் வரிகளைப் பெரியவர்கள் மத்தியிலேயே உரக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கும். குழந்தைகள் வாயசைத்தார்கள். ஒரு குழந்தையின் குரலைக்கூட அந்த ஆறு மணி நேரத்தில் நாம் கேட்கவில்லை. குழந்தைக் கவிஞர் என்றே பெயர் வாங்கிய அழ. வள்ளியப்பா பிறந்த நாட்டில், கையைத் தட்டி ஓரிரு வரி தாமாகப் பாட ஐந்து வயதுக்காரர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

“பெற்றோர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?” என்பது நிர்வாகங்கள் எடுத்து வைக்கும் கேடயம். அதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆகவே பெற்றோருக்கும் இது உறைக்கட்டும். பக்கத்துப் பள்ளியில் கவுன் போட்டார்களாம், இங்கே ஏன் இல்லை என்று போய்க் கேட்டது நீங்கள். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, உங்கள் அம்மாவுக்கே மேடையை மறைத்தது நீங்கள். உங்கள் ஊர்க் குழந்தை படியில் நனைந்து நின்றபோது சிரித்தவர்களும் உங்களில் சிலர். பட்டம் என்ற சொல் முதல் தலைமுறையாகக் கல்லூரி ஏறும் வீடுகளில் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியும். கழனிவேலை செய்து பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் அந்தத் தொப்பி ஒரு கனவு. அந்தக் கனவைத்தான் 1,200 ரூபாய்க்கு விற்கிறார்கள் என்பதே நம் ஆத்திரம்.

நாற்காலி போட்ட விதத்தையும் விட முடியாது. சுவருக்குச் சுவர் நெருக்கமாகப் பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் வழி இல்லை. பக்கவாட்டுக் கதவை மறைத்துப் பேனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. அன்று உள்ளே இருந்த குழந்தைகளுக்கு வெளியே வர வழி கிடைக்கவில்லை என்பதை இவ்வளவு சீக்கிரமா மறந்தோம்? மின்கம்பி காலுக்குக் காலாக ஓடும் கொட்டகையில், நானூறு பேருக்கு ஒரே வாசல்.

திருத்தம் கடினமானது அல்ல. அடுத்த மார்ச்சில் செய்ய வேண்டியதை இப்போதே சொல்கிறோம். விழாவைக் காலை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறும் முன் தொடங்கி, முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். சிறப்பு விருந்தினர் வேண்டாம். ஒரு குழந்தை மேடையேறி, வாங்கி, நின்று, படம் எடுத்து இறங்க ஒரு நிமிடம் ஆகிறது. ஐம்பத்தெட்டுக் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதையே மேடை இல்லாமல் தரையில் ஜமுக்காளம் விரித்து, வகுப்பு மிஸ் ஒவ்வொரு குழந்தையிடமும் போய்க் கையில் கொடுத்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் குழந்தையின் பெயரை அறிந்தவர் அவர் ஒருவர்தான். விருந்தினர் அன்று இரண்டு பெயரைத் தப்பாகப் படித்தார்.

ஜமுக்காளத்தைச் சுற்றி அரைவட்டமாக நாற்காலி போடுங்கள். முதல் வட்டம் தாத்தா, பாட்டி, ஆயாக்களுக்கு. முட்டி மடங்காதவர்களும் கண் மங்கியவர்களும் அங்கேதான் இருக்க வேண்டும். அடுத்த வட்டம் பெற்றோருக்கு. நடுவில் இரண்டு வழி, திறந்த இரண்டு கதவு. படம் எடுக்க ஒருவர் போதும், எடுத்ததை எல்லோருக்கும் அனுப்பலாம். பெற்றோர் கைப்பேசியை மடியில் வைக்கட்டும். எல்லோரும் அரைவட்டத்தில் நெருங்கி உட்கார்ந்தால் ஒலிபெருக்கியே தேவைப்படாது. குழந்தையின் சொந்தக் குரலைத் தாத்தா கேட்பார். அதற்குத்தானே அவர் வந்தார்?

உடைக்குச் சீருடையே போதும். தொப்பிதான் வேண்டும் என்றால், குழந்தைகளே வகுப்பில் கலர்க் காகிதத்தில் மடித்துக்கொள்ளட்டும். காகிதத்தை மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பது அந்த வயதின் விரலுக்கு நல்ல வேலை. இப்படிச் சொல்வதால், நம் பள்ளிகள் கலர்க் காகிதத்துக்கு 300 ரூபாய் என்று சீட்டு அனுப்பும் அபாயம் இருப்பதையும் அறிவோம். சான்றிதழில் எல்லோருக்கும் ஒரே வாசகம், அதன் கீழே அந்தக் குழந்தை வரைந்த படம். கோப்பை யாருக்கும் இல்லை. கழிவறைக்குக் கேட்கும் குழந்தையை அந்த நொடியே அழைத்துப் போக ஓர் ஆயாம்மா, அதைத் தவிர வேறு வேலை இல்லாமல், வாசலருகே நிற்க வேண்டும்.

கல்வித் துறைக்கும் ஒன்று கேட்கிறோம். பிப்ரவரியிலேயே மாவட்டக் கல்வி அலுவலகங்களிலிருந்து ஒரு சுற்றறிக்கை போகட்டும்: மழலையர் வகுப்பு விழாவுக்குத் தனிக் கட்டணம் கூடாது, வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும், பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் குழந்தைகளின் படத்தை விளம்பரத்தில் போடக் கூடாது.

இந்த வட்டாரத்துப் பள்ளிக்கு மட்டும் தனியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதற்கு அடுத்த மார்ச் வரை காத்திருக்கத் தேவையில்லை. கூட்டுரோட்டுப் பேனரில் மேலே இருந்து இரண்டாவது வரிசை, இடது ஓரம். தொப்பி ஒரு பக்கம் சரிந்து, கண் கலங்கி நிற்கும் சிறுமி. இன்று மாலைக்குள் அந்தப் பேனரை இறக்குங்கள்.